சுத்தியலும் ஆணியும்: தமிழ் மீம்களின் வாழ்வும் மூப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இணையத்தில் பரவும் மீம் சில காலத்திற்குப் பின் சிரிப்பைத் தருவதை நிறுத்திவிடுகிறது. பல வேளைகளில் அதனைப் பகிர்ந்தவருக்கே கூச்சத்தையும் உண்டாக்குகிறது. இம்மாற்றத்தின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. 2001இல் வெளிவந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ திரைப்படத்தின் நகைச்சுவைப் பகுதியிலிருந்து கிளைத்த இரு வழக்குகள், அதாவது 2019இல் உலகளவில் பரவிய ‘நேசமணி’ நிகழ்வும், ‘தேவையில்லாத ஆணி’ என்னும் தொடரும், ஒப்பிட்டுக் காணப்பெறுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நகை, இளிவரல் என்னும் இரண்டின் நிலைக்களன்கள் விளக்கக் கருவிகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: மீம், வார்ப்புரு, நகை, இளிவரல், வடிவேலு, நேசமணி, மதுரை வட்டார வழக்கு.

1. முன்னுரை

சுவை குன்றிய நகைச்சுவையைச் சுட்டத் தமிழில் சொற்கள் பல உள்ளன. புளித்துப்போனது, ஊசிப்போனது, அரைத்த மாவு என்பவை உணவு சார்ந்தவை. இளைஞர் வழக்கில் நிலைபெற்ற ‘மொக்கை’ முனை மழுங்கிய கருவியைக் குறிக்கும் சொல். இவை அனைத்தும் குறையை நகைச்சுவையின்மீதே ஏற்றுகின்றன. அண்மைக் காலத்தில் பெருவழக்காகியுள்ள ‘கிரிஞ்சு’ என்னும் கடன்சொல் இவற்றினின்று வேறுபடுகிறது. காண்பவரின் உடல் கூசுவதை அது குறிக்கிறது. பழியை நகைச்சுவையின்மீது அன்றி, அதனைச் சொன்னவர்மீது ஏற்றுகிறது. மொக்கையைச் சொன்னவர் அடுத்த முறை நல்லதொன்றைச் சொல்லித் தப்பலாம். கிரிஞ்சு எனப்பட்டவரோ காலத்தோடு பொருந்தாதவர் என்று வகைப்படுத்தப்படுகிறார்.

பழைய மீமைக் காணும்போது எழும் உணர்வு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. பழைய திரைப்பட நகைச்சுவையை மீண்டும் காண்பவர் பொதுவாகக் கூசுவதில்லை. அதே காட்சியிலிருந்து பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பெற்ற மீமைக் காணும்போது கூசுகிறார். மூலம் ஒன்றாயிருக்க, உணர்வு வேறுபடுவது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

2. நகையும் இளிவரலும்

மீம் என்னும் சொல்லை ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் தம் நூலில் ஆக்கினார். பண்பாட்டுக் கூறுகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் படியெடுக்கப்பட்டுப் பரவுவதை அவர் அச்சொல்லால் குறித்தார். வெற்றிபெறும் படியாக்கத்திற்கு நீடித்த வாழ்வு, மிகுதியாகப் பெருகுதல், மூலத்தை வழுவாது பேணுதல் என மூன்று பண்புகளைக் கூறினார். இணைய மீம் இவற்றுள் பெருக்கத்தை மட்டும் மிகுவித்து ஏனைய இரண்டையும் இழக்கிறது. லிமோர் ஷிஃப்மன் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இணைய மீமைத் தனியொரு படமாகக் கொள்ளாமல், ஒன்றையொன்று அறிந்து உருவாகும் படைப்புகளின் தொகுதியாகக் கொண்டது. அத்தொகுதி உள்ளடக்கம், வடிவம், நிலைப்பாடு ஆகியவற்றில் பொதுத்தன்மை உடையது. இம்மூன்றும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை என்பது கீழ்வரும் சான்றுகளால் புலனாகும்.

மூப்பு என்னும் கருத்துக்குத் தமிழ் இலக்கணம் நெருக்கமானதொரு விளக்கத்தைத் தருகிறது. தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறும். இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினைக் கூறும். நகையின் நிலைக்களன்களுள் இளமையும், இளிவரலின் நிலைக்களன்களுள் மூப்பும் இடம்பெற்றிருத்தல் நோக்கத்தக்கது. இலக்கணம் கருதுவது மாந்தரின் இளமையும் மூப்பும் ஆகும். வடிவங்களின் மூப்பு அன்று. எனவே இது நேர்ப் பொருத்தமாகாது, ஒப்புமை வகையாலேயே கொள்ளத்தக்கது. ஆயினும் பயன் உண்டு. நகை குன்றினால் எஞ்சுவது வெறுமை அன்று; வேறொரு மெய்ப்பாடு அவ்விடத்தைப் பற்றுகிறது என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது. மேலும் மெய்ப்பாடு தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என உரைமரபு பிரித்துக் காண்கிறது. பழைய மீம் தரும் கூச்சத்திலும் இவ்விருமை உண்டு: பிறர் இன்றும் அதனைப் பகிர்வதைக் கண்டு கூசுதல் ஒன்று, தாம் அன்று பகிர்ந்ததைக் கண்டு கூசுதல் மற்றொன்று.

3. காட்சி படத்தினின்று பிரிந்த வரலாறு

தமிழ் மீமின் தோற்றத்திற்கு இணையம் மட்டும் காரணம் அன்று. தமிழ்த் திரைப்படத்தில் நகைச்சுவைப் பகுதி நெடுங்காலமாகக் கதையோடு தளர்ந்த தொடர்பு உடையதாகவே அமைந்தது. ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சியைக் கதை அறியாதவரும் அறிவர். தொலைக்காட்சி இத்தளர்வை முழுப் பிரிவாக்கியது. நகைச்சுவைக் காட்சிகளுக்கெனத் தனி நிகழ்ச்சிகளும், பின்னர் ஆதித்யா, சிரிப்பொலி முதலிய தனி அலைவரிசைகளும் தோன்றின. படத்தினின்று அறுக்கப்பட்ட காட்சி நாள்தோறும் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பானது. இதனால் ஒரு தலைமுறை முழுவதும் அவற்றின் சொல், முகம், இடைவெளி ஆகியவற்றை மனப்பாடமாகக் கொண்டது. மீம் செய்வோர்க்குத் தேவையான பொது அறிவு இவ்வாறு முன்பே திரண்டிருந்தது.

2008இல் வரையப்பெற்ற ‘ட்ரோல்’ முகமும் அதனை ஒத்த கோட்டோவிய முகங்களும் மேலை நாட்டிலிருந்து இறக்குமதியாகித் தமிழ் முகநூல் பக்கங்களில் முதலில் பயன்பட்டன. அவற்றின் இடத்தை விரைவில் திரைப்பட நிழற்படங்கள் பிடித்துக்கொண்டன. அவற்றுள் மிகுதியானவை மதுரையைச் சேர்ந்த நடிகர் வடிவேலுவின் முகங்கள். இதற்கு அவருடைய முகபாவ வளம் ஒரு காரணம். காலம் மற்றொரு காரணம். 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பரப்புரை செய்த பின்னர் அவர் நடித்த படங்கள் மிகவும் குறைந்தன. தமிழ் மீம் பெருகிய ஆண்டுகளும் அவர் திரையில் அரிதாகிய ஆண்டுகளும் ஒன்றே. புதிய காட்சிகளின் வரத்து குறைந்ததால், 2001 முதல் 2011 வரையிலான படங்களின் காட்சிகள் வரம்புடைய இருப்பாக நின்றன. அதே முகங்கள் ஆயிரம் பொருள்களுக்குப் பயன்பட்டன. அந்நிலையில் அவை படம் என்னும் தன்மையை இழந்து எழுத்துப் போன்றதொரு குறியீடாயின. அஞ்சிய முகம், ஏமாந்த முகம், வீறாப்பு முகம் எனப் படித்துக்கொள்ளும் பழக்கம் நிலைபெற்றது.

வடிவத்தின் மூப்பு இங்குத் தொடங்குகிறது. வார்ப்புரு தரும் இன்பம், பழகிய காட்சிக்கும் புதிய செய்திக்கும் இடையே எதிர்பாராத பொருத்தம் தோன்றுவதில் உள்ளது. முதன்முறை ஒரு தேர்தல் தோல்விக்கோ தேர்வு முடிவுக்கோ அடி வாங்கிய முகத்தைப் பொருத்தியவர் ஓர் ஒப்புமையைக் கண்டுபிடித்தார். நூறாம் முறை பொருத்தியவர் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. காண்பவர் எழுத்தைப் படிக்கும் முன்னரே முடிவை அறிந்துவிடுகிறார். உவமை வழக்காறாகி உயிரிழப்பது போன்றதே இது.

4. நேசமணி: சில நாள் வாழ்வு

மீமின் வாழ்க்கை வட்டத்தை முழுமையாகக் காண 2019 மே மாத இறுதியில் நிகழ்ந்த நேசமணி நிகழ்வு ஏற்றது. சித்திக் இயக்கிய ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் வண்ணப்பூச்சு ஒப்பந்தக்காரர் நேசமணி. அரண்மனை ஒன்றில் வேலை நடக்கும்போது மேலிருந்து விழும் சுத்தியல் அவர் தலையில் படுகிறது. பாகிஸ்தானைச் சேர்ந்ததாகக் கூறப்பட்ட கட்டடப் பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று, சுத்தியல் படத்தை இட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் யாது எனக் கேட்டது. தமிழர் ஒருவர் அதன் பெயரைச் சொல்லி, அடித்தால் எழும் ஓசையையும் குறித்து, ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலையை அவர் உறவினர் இதனால்தான் உடைத்தார் என்று விடையளித்தார். காட்சியை அறிந்த மற்றொருவர், அவர் இப்போது நலமா என்று வினவினார். அவ்வினாவே நிகழ்வின் திருப்புமுனை. மே 29 அன்று `#Pray_for_Nesamani` என்னும் குறிச்சொல் இந்திய அளவிலும் உலக அளவிலும் ட்விட்டரில் முன்னணிக்கு வந்தது. அடுத்த நாள் நடுவண் அரசின் பதவியேற்பு நடைபெறவிருந்த நேரம் அது.

இந்நிகழ்வின் நகை எங்கே உள்ளது? சுத்தியல் விழும் காட்சியில் உள்ளது மடனும் பேதைமையும். ஆனால் மே 29 அன்று மக்கள் சிரித்தது அக்காட்சிக்காக அன்று. பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய கற்பனை மாந்தர் ஒருவரின் உடல்நிலை, சற்றும் முகம் கோணாத செய்தி நடையில், மருத்துவ அறிக்கை, பிரார்த்தனை, ஆறுதல் ஆகிய வடிவங்களில் பேசப்பட்டது. பெருந்தலைவர்கள் நோயுற்றபோது செய்தி ஊடகங்கள் பின்பற்றும் நடையைத் தமிழர் நன்கறிவர். அந்நடையே எள்ளலுக்கு இலக்கு. ஷிஃப்மன் கூறும் மூன்றனுள் உள்ளடக்கம் பழையது. நிலைப்பாடு முற்றிலும் புதியது. அப்புதுமையே இளமை.

மேலும், இவ்விளையாட்டிற்கு அறியாதவர் ஒருவர் தேவைப்பட்டார். தமிழ் தெரியாதோர், நேசமணி யார் என்று உண்மையாகவே கவலையோடு கேட்டபோது நகை உச்சத்தை அடைந்தது. மறைபொருளை அறிந்தோர், அறியாதோர் எனும் எல்லைக்கோடு சிரிப்பைக் காத்தது. அக்கோடு அழிந்தவிதம்தான் மீமின் தேய்வை விளக்குகிறது. முதலில் ஆங்கில ஊடகங்கள் பிற மாநிலத்தாருக்கு நிகழ்வை விளக்கி எழுதின. விளக்கத்தால் மறைபொருள் பொதுப்பொருள் ஆயிற்று. அடுத்து வணிக நிறுவனங்கள் தம் பொருள்களை அதனோடு இணைத்து விளம்பரம் செய்தன. வணிகம் நுழைந்ததும் நிலைப்பாடு மாறியது: முகம் கோணாத நடிப்பு, அனைவரும் அறிந்த வாய்பாடு ஆயிற்று. வடிவேலுவிடமே ஊடகங்கள் கருத்துக் கேட்டன. கற்பனை மாந்தருக்காகச் செய்த பிரார்த்தனைக்கு நடிகர் நேரில் மறுமொழி கூறியபின் நடிப்பைத் தொடர இடமில்லை. சில நாள்களிலேயே நிகழ்வு அடங்கியது.

பின்னர் அதே குறிச்சொல்லைப் பயன்படுத்தியவர் சிரிப்பைப் பெறவில்லை. சொல்லப்பட்டது மாறவில்லை; சொன்ன நேரம் மாறியது. மே 29 அன்று அது ‘நான் அறிந்தோருள் ஒருவன்’ என்பதன் அடையாளம். சில கிழமைகள் கழித்து அது ‘எனக்கு இப்போதுதான் செய்தி வந்தது’ என்பதன் அடையாளம். இதனால் மீம் பகிர்வு நகைச்சுவைச் செயலாக மட்டும் அன்றி உறுப்பினர் அட்டையாகவும் செயல்படுவது தெளிவாகிறது. காலாவதியான அட்டையை நீட்டுபவரிடம் தோன்றுவதே பிறர்கண் தோன்றும் கூச்சம்.

5. ஆணி பிழைத்த வகை

அதே படத்தில், அதே ஒப்பந்தக்காரர் தம் வேலையாள் பிடுங்கும் ஆணிகள் அனைத்தும் தேவையில்லாதவை என்று சினப்பதும் உண்டு. ‘தேவையில்லாத ஆணி’ என்னும் அத்தொடர் மீமாகப் பரவியது. ஆயினும் நேசமணியைப் போல ஒரே நாளில் வெடிக்கவில்லை. இன்று பயனற்ற பணியையோ வேண்டாத தலையீட்டையோ சுட்ட அது இயல்பாகப் பயன்படுகிறது. பயன்படுத்துவோர் கூசுவதும் இல்லை. ஒரே மூலம் கொண்ட சுத்தியல் சில நாளில் தேய, ஆணி இருபதாண்டு கடந்து நிற்பதற்குக் காரணம் யாது?

முதற்காரணம், ஆணி ஒரு வெற்றிடத்தை நிரப்புகிறது. ஊக்கத்தோடு செய்யப்படும், ஆனால் எவருக்கும் வேண்டாத பணி என்னும் கருத்துக்குச் சுருக்கமான சொல் முன்னர் இல்லை. நேசமணிக்காகப் பிரார்த்திப்பது அவ்வாறு எந்தப் பொருளையும் குறிக்கவில்லை. இரண்டாவது, ஆணிக்குப் படம் தேவையில்லை. எழுத்துரு, நான்கு கட்ட அமைப்பு, பக்கத்தின் முத்திரை முதலிய காலக் குறிகள் அதன்மேல் ஒட்டவில்லை. எனவே வடிவத்தின் மூப்பு அதனைத் தீண்டவில்லை. மூன்றாவது, அது பேச்சுமொழியின் இயல்பான ஓசையில் அமைந்தது. வடிவேலுவின் நடை அவர் பிறந்த மதுரையின் வட்டார வழக்கை அடியாகக் கொண்டது. மதுரையிலும், நாகமலை புதுக்கோட்டை முதலிய அதன் புறநகர்களிலும் அந்நடை மேற்கோளாக ஒலிப்பதில்லை. அன்றாடப் பேச்சோடு கலந்துவிடுகிறது. மேற்கோள் என்று அடையாளம் காணப்படாத தொடருக்குக் காலாவதி நாள் இல்லை.

இவ்வகை மாற்றத்திற்குத் திரைப்படத் தலைப்புகளும் சான்று தருகின்றன. ‘வின்னர்’ (2003) படத்தில் வடிவேலுவின் கைப்புள்ள தலைமையேற்ற கூட்டத்தின் பெயர் வருத்தப்படாத வாலிபர் சங்கம். அது பத்தாண்டு கழித்து, 2013இல், வேறொரு படத்தின் தலைப்பாயிற்று. ‘தலைநகரம்’ (2006) படத்தில் நாய் சேகர் தன்னை ரௌடி எனப் பிறர் ஏற்க வேண்டுமென வலிந்து கூறும் தொடர், 2015இல் ‘நானும் ரௌடிதான்’ என்னும் படத்திற்குத் தலைப்பாயிற்று. இரு படங்களும் மூலக்காட்சியை மீண்டும் நடிக்கவில்லை. தொடரை மட்டும் எடுத்துப் புதிய கதைமேல் வைத்தன.

இதற்கு மாறானது 2022 டிசம்பரில் வெளிவந்த ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’. ‘தலைநகரம்’ படத்தை இயக்கிய சுராஜே இதனையும் இயக்கினார், வடிவேலுவே நாயகன். ‘நாய் சேகர்’ என்னும் பெயரில் அதே ஆண்டு ஜனவரியில் மற்றொரு படம் வந்துவிட்டது. ஒரு நடிகரின் வேடப்பெயர் பொதுச்சொத்தாகிவிட்டது என்பதை இதுவே காட்டும். மீம்கள் பதினாறு ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்த மாந்தரை அதே நடிகர், அதே இயக்குநரோடு மீட்டுக் கொணர்ந்தும் படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. திரைக்கதையின் குறைகள் ஒருபுறம் இருக்க, ஆய்வுக்குரிய காரணம் ஒன்றும் உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் நாய் சேகரின் முகம் எழுத்தாகிவிட்டது. ஒவ்வொருவரும் அதனைத் தம் செய்திக்கு ஏற்பப் பயன்படுத்திப் பழகியிருந்தனர். எழுத்தைத் திரையில் முழுநீளக் கதையாக நடித்துக் காட்டும்போது, பார்வையாளர் ஏற்கெனவே தாமே செய்து முடித்த பணியையே அது மீண்டும் செய்கிறது. அடுத்த ஆண்டு ‘மாமன்னன்’ (2023) படத்தில் அதே நடிகர் நகை நீங்கிய வேடத்தில் பாராட்டப்பெற்றதை இதனோடு இணைத்து நோக்கலாம். அங்கு அம்முகம் மீமாகப் படிக்கப்படுவதை மறுத்தது.

எனவே தேய்ந்த மீமுக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, மறக்கப்படுதல். இரண்டு, சொல்லாகி மொழியில் கரைதல். மூன்று, தேய்வையே நகைப்பொருளாக்கும் மறுபயன்பாடு: பழைய கோட்டோவிய முகத்தை வேண்டுமென்றே இட்டு, அதன் பழமையைக் கண்டு சிரிக்கச் செய்தல். மூன்றாவது வழியில், பயன்படுத்துவோர் தாம் பழமையை அறிந்தே செய்வதைக் காட்டியாக வேண்டும். அக்குறிப்பு தவறினால் அதுவே கிரிஞ்சு ஆகிவிடும்.

6. இருவகைக் கூச்சம்

இதுவரை கண்டது வடிவத்தின் மூப்பால் எழும் கூச்சம். அதனை நடைக்கூச்சம் எனலாம். பழைய மீம்கள் தரும் கூச்சம் முழுவதையும் இதனுள் அடக்குதல் பிழையாகும். கருநிறம், உடற்பருமன், பெண்ணின் தோற்றம், திருநங்கையரின் நடை ஆகியவற்றை எள்ளும் மீம்கள் பெருவழக்காக இருந்தன. அவற்றின் வேர் திரைப்பட நகைச்சுவையிலேயே உள்ளது; மீம் அவற்றைப் படியெடுத்துப் பெருக்கியது. இவற்றைக் காணும்போது எழும் கூச்சம் வடிவத்தால் வருவது அன்று, நிலைப்பாட்டால் வருவது. இதனை அறக்கூச்சம் எனலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய எளியதொரு சோதனை உண்டு. பழைய மீமின் கருத்தை இன்றைய வடிவத்தில், அதாவது குறுங்காணொளியிலோ ஒலித்துணுக்கிலோ வைத்துப் பார்க்க வேண்டும். கூச்சம் நீங்கினால் அது நடைக்கூச்சம், நீங்காவிட்டால் அறக்கூச்சம். நான்கு கட்டப் படத்தில் தேர்வுப் பயத்தைக் காட்டும் மீம் புதிய வடிவில் மீண்டும் சிரிப்பைத் தரக்கூடும். நிறத்தை எள்ளும் மீம் எவ்வடிவில் வைத்தாலும் அவ்வாறே நிற்கும். இச்சோதனைக்கும் வரம்பு உண்டு. எள்ளப்பட்டவர்க்கு அம்மீம் தோன்றிய நாளிலேயே கூச்சம் இருந்தது. அவர்க்கு அது மூப்பால் வந்ததன்று. சோதனை அளப்பது எள்ளியவரின் உணர்வை மட்டுமே.

இரண்டும் கலப்பதால் விளையும் தீங்கு வெளிப்படையானது. ‘அந்தக் காலத்து மீம் அப்படித்தான்’ என்னும் கூற்று, நிலைப்பாட்டின் பிழையை வடிவத்தின் பழமைக்குள் மறைத்துவிடுகிறது. எழுத்துருவையும் எள்ளலையும் ஒரே சிரிப்பால் கடந்துவிட முடிகிறது. அதே எள்ளல் புதிய வடிவில் வரும்போது அது புதியதாகத் தோன்றி ஏற்கப்படுவதற்கும் இதுவே வழி செய்கிறது. வடிவத்தின் இளமை நிலைப்பாட்டின் மூப்பை மறைக்கிறது.

ஆய்வாளர்க்கு மற்றுமொரு இடர்ப்பாடு உண்டு. கூச்சமுற்றவர் தம் பழைய பதிவுகளை நீக்குகின்றனர். பக்கங்கள் பெயர் மாறுகின்றன, மூடப்படுகின்றன. டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது அதன் தமிழ்க் காணொளிகள் பொதுப்பார்வையினின்று ஒருசேர நீங்கின. எஞ்சியிருப்பவை பிறர் சேமித்தவையும் மீண்டும் பகிர்ந்தவையும் ஆகும். அவை இன்றும் கூச்சம் தராதவை என்னும் காரணத்தாலேயே பிழைத்தவை. எஞ்சியவற்றை மட்டும் கொண்டு 2010களின் தமிழ் நகைச்சுவையை மதிப்பிடுவோர் அதனை உண்மையினும் கனிவுடையதாகக் காண்பர்.

7. முடிவுரை

மீம் கூச்சம் தருவதற்குக் காரணம் அது பழையதாதல் மட்டும் அன்று. அதன் நகை எதனைச் சார்ந்திருந்தது என்பதே. அறிந்தோர், அறியாதோர் எனும் எல்லையைச் சார்ந்த நேசமணி, எல்லை அழிந்ததும் தேய்ந்தது. மொழியின் தேவையைச் சார்ந்த ஆணி நிலைத்தது. திரும்பிவந்த நாய் சேகர், பார்வையாளர் தாமே நிரப்பிப் பழகிய இடத்தை மீண்டும் நிரப்ப முயன்று வரவேற்பை இழந்தது. இளமை நகைக்கும் மூப்பு இளிவரலுக்கும் களனாகும் எனப் பிரித்த மெய்ப்பாட்டியல் இம்மாற்றத்தின் திசையைக் காண உதவுகிறது. வடிவம் மூப்படைந்ததா, நிலைப்பாடு தொடக்கத்திலேயே பிணியுற்றிருந்ததா என்பதை ஒவ்வொரு மீமிலும் தனித்துக் காண வேண்டியுள்ளது. முன்னதைக் கண்டு சிரித்துக் கடக்கலாம். பின்னதை நீக்காமல் ஆவணமாகப் பேணி ஆராய்தலே முறை.